டம்ளருக்குள் கரைகிற உப்பு

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்து ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் மேல் அளவு 150-க்குக் கீழே இறங்கவே இல்லை. முழங்கால் வலிக்குத் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் பாராசிட்டமால் தினமும் ஆறு போடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு ராத்திரி ஒரு பாக்கெட் ஆன்டாசிட் பவுடர். அதிலெல்லாம் உப்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மாத்திரையில் இருக்கும் உப்பு பிரஷரை ஏற்றுகிற அளவுக்கா இருக்கும்?

பதில்:

இருக்கும். நீங்கள் சொன்ன அந்த ஆறு மாத்திரையும் ஒரு பாக்கெட்டும் சேர்ந்தால், சாப்பாட்டில் குறைத்த உப்பு முழுவதும் திரும்ப உள்ளே போய்விடுகிறது. அதற்கு மேலும் கொஞ்சம் போகிறது. பிரஷருக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை சேர்க்கலாமா என்று டாக்டர் யோசிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நான் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்துச் சீட்டில் ஏறாமல் நழுவிப் போகிற விஷயங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

முதலில் டம்ளருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண பாராசிட்டமால் 500 மாத்திரை ஒன்றையும் கரைகிற பாராசிட்டமால் 500 ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மருந்து அதே 500 மில்லிகிராம்தான். ஆனால் கரைகிறது நாணயம் மாதிரி அகலமாக, கையில் கனமாக இருக்கும். அந்தக் கூடுதல் எடையில் பெரும்பங்கு பொங்க வைப்பதற்காகச் சேர்த்தது. ஒரு பக்கம் சிட்ரிக் அமிலம், இன்னொரு பக்கம் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா. உலர்ந்திருக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும். தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கிளப்பும். நாம் பார்க்கிற நுரை அதுதான். நுரை அடங்கியதும் வாயு காற்றோடு போய்விடும். சோடியம் எங்கேயும் போகாது. சோடியம் சிட்ரேட்டாக மாறி, கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தண்ணீரிலேயே நிற்கும். கடைசி மடக்கோடு அதுவும் உள்ளே போகும்.

உப்புக் கரிக்கவில்லையே என்று நினைப்பீர்கள். நாக்குக்கு உப்பு உப்பாகத் தெரிவதற்குச் சோடியத்தோடு குளோரைடும் சேர்ந்திருக்க வேண்டும். சிட்ரேட்டோடு இருக்கும் சோடியத்துக்கு அந்தக் கரிப்பு அவ்வளவாக இல்லை. போதாததற்கு அமிலத்தின் புளிப்பும் இனிப்பூட்டியும் வாசனையும் சேர்ந்து, குடிக்கிறவருக்கு அது எலுமிச்சைச் சோடா மாதிரிதான் தோன்றும். சாப்பாட்டில் ஒரு சிட்டிகை கூடினால் உடனே கண்டுபிடித்துவிடுகிற நாக்கு இங்கே ஏமாந்துவிடும்.

இனி கணக்கு. கரைகிற பாராசிட்டமால் 500 மாத்திரை ஒன்றில் சோடியம் பெரும்பாலும் 390 முதல் 440 மில்லிகிராம் வரை இருக்கும். பரவலாக விற்கிற ஒரு தயாரிப்பின் அளவு 427. அதையே எடுத்துக்கொள்வோம். ஆறு மாத்திரைக்கு 2,562 மில்லிகிராம். ஆன்டாசிட் பவுடரில் 5 கிராம் பாக்கெட் என்றால், அதில் சோடியம் பைகார்பனேட் 2.3 கிராம், சோடியம் கார்பனேட் அரை கிராம், மீதி சிட்ரிக் அமிலம் என்பது வழக்கமான கலவை. அதிலிருந்து வரும் சோடியம் சுமார் 850 மில்லிகிராம். இரண்டையும் கூட்டினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,400 மில்லிகிராம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே. அதுவும் சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாம் சேர்த்து. உங்கள் அம்மாவுக்கு மருந்து மட்டுமே அதைத் தாண்டி ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. உப்பாக மாற்றிப் பார்த்தால் இன்னும் புரியும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் சமையல் உப்பின் அளவு கிடைக்கும். 3,400 என்பது எட்டரை கிராம் உப்பு, சுமாராக ஒன்றரை டீஸ்பூன். ஒருவர் பத்து கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்து ஐந்தாகக் குறைத்தார் என்றால் அவர் மிச்சம் பிடித்தது 2,000 மில்லிகிராம் சோடியம். வருடம் முழுக்க ருசியில்லாமல் சாப்பிட்டு அம்மா சேமித்ததை டம்ளர் வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது வேறு தயாரிப்பாக இருக்கலாம், அதனால் இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெட்டியின் முகப்பில் மருந்தின் பெயரும் 500 என்ற எண்ணும்தான் பெரிதாக இருக்கும். சோடியத்தைப் பின்பக்கப் பொடி எழுத்திலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ தேட வேண்டும். சில தாள்களில் மில்லிகிராமாகப் போடாமல் மில்லிமோல் என்று போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் 23-ஆல் பெருக்குங்கள். சோடியம் என்று தனியாக எண்ணே இல்லை, சோடியம் பைகார்பனேட் இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் இருக்கிறதா? அதை நான்கால் வகுங்கள். துல்லியமாகச் சொன்னால் அதன் எடையில் 27 சதவீதம் சோடியம், நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஐரோப்பிய மருந்து முகமையின் வழிகாட்டுதல்படி, ஒரு மருந்தின் அதிகபட்சத் தினசரி அளவில் 391 மில்லிகிராம் (17 மில்லிமோல்) சோடியம் வந்தாலே அது சோடியம் மிகுந்த மருந்து. உங்கள் அம்மா எடுப்பதில் ஒற்றை மாத்திரையே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

சரி, சோடியம் நிறைய இருக்கிறது, ஆனால் அது உண்மையிலேயே பிரஷரை ஏற்றுகிறதா? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பத்திரிகைகளில் வருகிற அளவுக்கு விஷயம் நேர்கோடு இல்லை.

பெரிதாகப் பேசப்பட்டது 2013-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு. டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினரும் மற்றவர்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 13 லட்சம் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் உள்ள கரையும் மருந்துகள் எழுதிக்கொடுக்கப்பட்டவர்களை, அதே மருந்தைச் சோடியம் இல்லாத வடிவத்தில் வாங்கியவர்களோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இரத்தநாள நோயால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, சோடியம் வடிவத்தை எடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல். உயர் இரத்த அழுத்தம் என்று புதிதாகப் பதிவாகும் வாய்ப்போ ஏழு மடங்கு. ஏழு மடங்கு என்பதை நான் அப்படியே விழுங்க மாட்டேன். இது பதிவேட்டு ஆய்வு. மாத்திரையை விழுங்க முடியாதவர்களுக்குத்தான் கரைகிற வடிவத்தை எழுதுவார்கள், அவர்கள் ஏற்கெனவே மற்றவர்களைவிடச் சுகவீனமாக இருந்திருக்கலாம். ஆனாலும் திசை எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை.

நேரடிச் சோதனையும் இருக்கிறது. ஸ்பெயினில் பிரஷர் நோயாளிகளுக்கு ஒரே அளவு பாராசிட்டமாலைச் சில வாரங்கள் கரையும் வடிவத்திலும் சில வாரங்கள் சாதாரண வடிவத்திலும் மாற்றி மாற்றிக் கொடுத்து, 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவியால் அளந்தார்கள். 2018-இல் அது வெளியானது. கரையும் வடிவத்தை எடுத்த காலத்தில் மேல் அளவு சுமார் 4 புள்ளி கூடுதலாக இருந்தது. எனக்கு இந்த எண்தான் ஏழு மடங்கைவிட நம்பகமாகப் படுகிறது. அதே ஆட்கள், அதே மருந்து, மாறியது வடிவம் மட்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற ஒரு வாதமும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. பிரஷரை ஏற்றச் சோடியம் மட்டும் போதாது, குளோரைடும் வேண்டும் என்பார்கள். 1987-இல் உப்புக்கு எளிதில் பிரஷர் ஏறுகிற ஒரு சிலரிடம் செய்த சோதனையில், சமையல் உப்பு ஏற்றிய அளவுக்குச் சோடியம் சிட்ரேட் ஏற்றவில்லை. ஆகவே டம்ளரில் இருக்கும் எட்டரை கிராம் உப்பு என்று நான் மேலே சொன்னது சோடியக் கணக்குக்குச் சரி, பிரஷர் கணக்குக்கு அப்படியே சரி என்று சொல்ல முடியாது. அப்புறம் இன்னொன்று. 2022-இல் எடின்பரோவிலிருந்து வந்த ஆய்வில், 110 பிரஷர் நோயாளிகளுக்குச் சாதாரண பாராசிட்டமாலையே தினமும் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்தபோது மேல் அளவு 5 புள்ளி அளவுக்கு ஏறியது. அதாவது முழு அளவில் தினமும் எடுத்தால் பாராசிட்டமாலே கொஞ்சம் ஏற்றுகிறது, சோடியம் அதற்கு மேல் போய் உட்கார்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எதை எதிர்பார்க்கலாம்? வடிவத்தை மாற்றியதும் அம்மாவின் 150 ஒரேயடியாக 120-க்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சில புள்ளிகள் இறங்கலாம். வயதானவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், உப்புக்கு எளிதில் ஏறுகிற உடம்புக்காரர்கள் என்றால் அதைவிடக் கூடுதலாகவும் இறங்கலாம். ஒரு பிரஷர் மாத்திரை சேர்த்தால் கிடைக்கிற பலனில் பாதியாவது ஒரு மாத்திரையின் வடிவத்தை மாற்றுவதால் கிடைத்தால், அது லாபம்தானே.

என்னிடம் ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார். பிரஷர் கட்டுப்படவில்லை, காலில் லேசாக வீக்கம், மருந்து எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஒரு துணிப்பை நிறையக் கொண்டு வந்து மேஜையில் கவிழ்த்தார். நான்கு அட்டை மாத்திரை, ஒரு கண் சொட்டு மருந்து, ஒரு களிம்பு. எதிலும் தவறில்லை. உப்பு? மகள் எடை போட்டுத்தான் சமைக்கிறாள் என்றார். பேச்சு முடிகிற நேரத்தில், தலைவலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்டேன். "அதற்கு ஒன்றும் மருந்து சாப்பிடுவதில்லை, பொங்குமே அந்தத் தண்ணீர், அதைக் குடிப்பேன்" என்றார். எத்தனை தடவை? காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, பல வருடமாக. அது அவர் கணக்கில் மருந்தே இல்லை, பானம். அதனால் பைக்குள் வரவில்லை. அன்றிலிருந்து நான் கேட்கிற கேள்வியை மாற்றிக்கொண்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதோடு, தண்ணீரில் போட்டுக் குடிப்பது ஏதாவது உண்டா என்றும் தனியாகக் கேட்கிறேன். விட்டமின் சி, கால்சியம் என்று கரைத்துக் குடிக்கிற சத்து மாத்திரைகள் பல அப்போதுதான் வெளியே வருகின்றன. அவற்றிலும் பொங்கும் வித்தை அதேதான், ஒவ்வொன்றிலும் சில நூறு மில்லிகிராம் சோடியம் இருக்கலாம்.

ஜலதோஷ மருந்துகளை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மழைக்காலத்தில் அம்மா அதையும் எடுப்பார் என்று தோன்றுவதால் சொல்கிறேன். கரைத்துக் குடிக்கிற ஜலதோஷ மாத்திரையிலும் பவுடரிலும் சோடியத்தோடு மூக்கடைப்பை எடுக்கிற மருந்தும் இருக்கும். சூடோஎபெட்ரின் என்றோ ஃபீனைல்எப்ரின் என்றோ எழுதியிருக்கும். இவை இரத்தக்குழாயைச் சுருக்கி வேலை செய்பவை. குறிப்பாகச் சூடோஎபெட்ரின் பிரஷரை ஏற்றும். ஃபீனைல்எப்ரினை வாய்வழியாக எடுத்தால் மூக்கடைப்புக்குப் பலனே இல்லை என்று சொல்லி, அதை நீக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2024-இல் முன்மொழிந்துவிட்டது. இன்னொரு சிக்கல், அதே பாக்கெட்டில் பாராசிட்டமாலும் இருக்கும். முழங்காலுக்கு ஆறு, ஜலதோஷத்துக்கு மேலும் நான்கு என்று போனால் 4 கிராம் வரம்பைத் தாண்டி ஈரலுக்கு ஆபத்து. அம்மாவுக்கு ஜலதோஷம் என்றால் ஆவி பிடித்தலும் உப்பு நீர் மூக்குச் சொட்டும் போதும். மூக்குச் சொட்டில் இருக்கும் உப்பு பொருட்படுத்தத்தக்கது இல்லை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாற்றியதால் என்ன கிடைத்தது என்று பின்னால் தெரியாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் பிரஷர் மாத்திரை போடுவதற்கு முன், அப்புறம் மாலையில். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியை எழுதி வையுங்கள். நடுவில் 180-க்கு மேல் தொடர்ந்து வந்தால் இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

அடுத்த வாரத்திலிருந்து கரைகிறதற்குப் பதிலாக, தண்ணீர் விட்டு விழுங்குகிற சாதாரண பாராசிட்டமால் 500. அளவும் நேரமும் முன்போலவே. சாதாரண மாத்திரையில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். கரைகிறது கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் தினசரி மூட்டு வலிக்கு அந்தப் பத்து இருபது நிமிடம் பெரிய விஷயமில்லை. அம்மா ஏன் கரைகிறதைப் பிடித்துக்கொண்டார் என்று மட்டும் கேளுங்கள். விழுங்கக் கஷ்டம் என்றால் பாதியாக உடைத்துப் போடலாம், அல்லது திரவ மருந்து இருக்கிறது. மெதுவாக வெளிவிடும் வகையை மட்டும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. வலி கேட்கவில்லை என்று நீங்களாக இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைக்குத் தாவிவிடாதீர்கள். அவை சிறுநீரகத்தில் சோடியத்தைப் பிடித்து வைப்பதோடு பல பிரஷர் மருந்துகளின் வேலையையும் மழுங்கடிக்கும். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாகிவிடும்.

ராத்திரிப் பவுடருக்குப் பதில் கால்சியம் கார்பனேட் சப்பும் மாத்திரையோ, மெக்னீசியம் அலுமினியம் கலந்த திரவமோ எடுக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் சோடியம் மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஆல்ஜினேட் வகைத் திரவங்களைச் சோடியம் இல்லாதவை என்று நினைத்துவிடாதீர்கள். 10 மில்லியில் 140 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், நாளைக்கு நான்கு முறை 20 மில்லி வீதம் குடித்தால் ஆயிரத்தைத் தாண்டும். எப்படியும் தினமும் ராத்திரி எரிகிறது என்றால் அது ஆன்டாசிடோடு நிறுத்துகிற விஷயமில்லை, டாக்டர் பார்க்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அதேபோல ஒரு வாரம் அளந்து, இரண்டு சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாகக் குறைக்கக் கூடாது. ஆனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது, மேல் அளவு 110-க்குக் கீழே வருகிறது என்றால் மூன்று வாரம் காத்திருக்காமல் சொல்லுங்கள். சோடியச் சுமை இறங்கியதும் பழைய அளவு மருந்து கூடுதலாகத் தெரிவது நடக்கக்கூடியதுதான். மனநலத்துக்காக லித்தியம் எடுப்பவராக இருந்தால் கதையே வேறு. சோடியம் திடீரென்று குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும், அவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் மாற்றவே கூடாது.

அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று யாராவது சொல்லியிருந்தால், அளந்து பார்க்கும் அந்த முதல் வாரத்தையும் விட்டுவிட்டுக் கரைகிறதை இன்றே மாற்றிவிடுங்கள். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. சோடியம் வேண்டாம் என்று தேடும்போது, சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டுப் பொங்க வைக்கிற தயாரிப்புகளும் கண்ணில் படும். அம்மாவின் இரண்டு பிரஷர் மாத்திரைகளின் பெயர் என்னவென்று பாருங்கள். ரேமிப்ரில், எனலாப்ரில் போல "ப்ரில்" என்றோ, டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போல "சார்ட்டன்" என்றோ முடிந்தாலும், ஸ்பைரோனோலாக்டோனாக இருந்தாலும் அந்தப் பொட்டாசிய வகையைத் தொட வேண்டாம். இந்த மருந்துகள் ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. அதற்கு மேல் டம்ளர் டம்ளராக ஏற்றினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும்.